வாங்கியவர் தராத நாற்பதாயிரம் யார் தலையில்? டெல் கிரெடெர் கமிஷனும் மண்டியின் பேரேடும்

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகு மண்டியில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து வரும் மிளகை நாங்கள் விலை கொடுத்து வாங்குவதில்லை. தோட்டக்காரருக்காக விற்றுக் கொடுத்து, அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்கிறோம். இவ்வாண்டு ஒரு தோட்டத்தின் கணக்கில் எனக்கும் முதலாளிக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டதால், விவரத்தை முழுவதுமாக இங்கே வைக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் 50 கிலோ மூட்டைகளாக 40 மூட்டை, அதாவது 2,000 கிலோ மிளகு வந்தது. வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் சேர்த்து 6,000 ரூபாயை நாங்கள் கொடுத்தோம். தோட்டக்காரருக்கு முன்பணமாக 4,00,000 ரூபாய் வங்கி வழியே அனுப்பினோம். மார்ச் 10-ஆம் தேதி கிலோ 650 ரூபாய்க்கு எல்லாம் விற்றுவிட்டது. 16 மூட்டை ரொக்கத்துக்கு, 5,20,000 ரூபாய். மீதி 24 மூட்டை அறுபது நாள் தவணையில் மூன்று கடைக்காரர்களுக்கு: முதல் கடைக்கு 3,25,000, இரண்டாம் கடைக்கு 2,60,000, மூன்றாம் கடைக்கு 1,95,000. ஆக மொத்த விற்பனை 13,00,000.

கமிஷன் 2 விழுக்காடு. அதற்கு மேல் 1.5 விழுக்காடு டெல் கிரெடெர் கமிஷன். எங்கள் முதலாளி தோட்டக்காரருக்கு எழுதிய கடிதத்தில், 'கடனுக்கு விற்றால் பணத்துக்கு நான் பொறுப்பு, அதற்காக ஒன்றரை சேர்த்து எடுத்துக்கொள்வேன்' என்று ஒரே வரியில் இருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை.

மே மாதம் தவணை வந்தபோது முதல் கடை முழுவதும் கட்டியது. இரண்டாம் கடைக்காரர் 2,20,000 கட்டியபின் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார், 40,000 நிற்கிறது. மூன்றாம் கடைக்காரர், இரண்டு மூட்டையில் பூஞ்சை இருந்தது என்று கிலோவுக்கு 300 ரூபாய் வீதம் 30,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டினார்.

முதலாளி சொன்னபடி 40,000, 30,000 இரண்டையும் தோட்டக்காரர் கணக்கில் பற்று எழுதினேன். தோட்டக்காரர் தொலைபேசியில் மிகவும் வருத்தப்பட்டார். 'பொறுப்பு உங்களுடையது என்று தனியாகக் கமிஷன் எடுத்துவிட்டு, நட்டத்தை என் தலையில் எழுதுகிறீர்களே' என்று கேட்டார். நான் எழுதியது சரியா?

அம்மாபேட்டை வரிக்கணக்கு

தவறு. என் பார்வையில் உங்கள் தவறு அதற்கும் முன்னால் தொடங்குகிறது. பணத்துக்குப் பொறுப்பு உங்களுடையது என்றால், கடன் உங்களுடையது. கடன் உங்களுடையது என்றால் சரக்கும் உங்களுடையது. ஆகவே 13,00,000 ரூபாயை உங்கள் விற்பனையாகவும், தோட்டக்காரருக்குச் சேர வேண்டியதைக் கொள்முதலாகவும் எழுத வேண்டும். அப்படி எழுதினால் 40,000, 30,000 இரண்டும் தாமாகவே உங்கள் நட்டத்தில் வந்து விழும். பொருள்கள் சேவை வரிக் கணக்கிலும் விற்றது முழுவதையும் உங்கள் விற்றுமுதலாகவே காட்டியிருப்பீர்கள். ஒரே மண்டிக்கு இரண்டு விதமான விற்பனைத் தொகை எப்படி இருக்க முடியும்?

பழைய பேரேடு

தம்பி, உங்கள் முதலாளி சொன்னதில் பாதி தவறு. அம்மாபேட்டை நண்பர் சொன்னதிலும் பாதி தவறு. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன். லீ பஜார் மண்டிகளின் பேரேடுகளைப் பார்த்தே பாதிக் காலம் போனது. பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் சரக்கு. மிளகு உங்கள் கிடங்குக்குள் வந்த நாளில் உங்கள் பேரேட்டில் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. சரக்குப் புத்தகத்தில் மூட்டை, எடை, வந்த தேதி மட்டும் இருந்தால் போதும். விற்கும் நிமிடம் வரை அது தோட்டக்காரரின் மிளகு. விலை ஏறினால் அவருக்கு லாபம், இறங்கினால் அவருக்கு நட்டம். மார்ச் 10-ஆம் தேதி கிலோ 700 ரூபாய்க்குப் போயிருந்தால் கூடுதல் ஐம்பது ரூபாய் உங்களுக்கா வந்திருக்கும்? கடன் நட்டத்தை ஏற்பது ஒன்று, சரக்கின் விலை ஏற்ற இறக்கத்தை ஏற்பது வேறொன்று. டெல் கிரெடெர் முகவர் முதலாவதை மட்டும் தன் தோளில் ஏற்றுகிறார். ஆகவே கொள்முதல், விற்பனை என்ற கணக்குகளே உங்கள் பேரேட்டில் இந்த மிளகுக்காகத் திறக்கப்படக் கூடாது. உங்கள் வருமானம் கமிஷன் மட்டுமே. முகவர் தொழிலில் வருவாய் என்பது கமிஷன் தொகைதான், கைக்கு வந்துபோகும் மொத்தப் பணம் அன்று என்று கணக்கியல் தரநிலை 9 தெளிவாகச் சொல்கிறது.

அடுத்து கடன் விற்பனை. டெல் கிரெடெர் இல்லாத முகவராக இருந்திருந்தால், அந்த மூன்று கடைக்காரர்களும் தோட்டக்காரரின் கடனாளிகள். பணம் வரும்போது மட்டும் ரொக்கத்தைப் பற்றும் தோட்டக்காரரை வரவும் எழுதிவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடலாம். டெல் கிரெடெர் என்று ஒப்புக்கொண்டதால் அப்படி ஒதுங்க முடியாது. விற்ற அன்றே மூன்று கடைகளையும் தனித்தனியாகப் பற்று எழுதி, 7,80,000 ரூபாயைத் தோட்டக்காரர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அந்த வரவு விழுந்தபின், இரண்டாம் கடைக்காரர் உங்கள் கடனாளி. அவர் ஓடினால் அது உங்கள் வாராக்கடன். தோட்டக்காரர் கணக்கை அது தொடவே கூடாது.

தோட்டக்காரர் கணக்கு இப்படி நிற்க வேண்டும்:

வரவுப் பக்கம்: ரொக்க விற்பனை 5,20,000, கடன் விற்பனை 7,80,000, ஆக 13,00,000.

பற்றுப் பக்கம்: முன்பணம் 4,00,000, வாடகை, கூலி 6,000, கமிஷன் 26,000, டெல் கிரெடெர் கமிஷன் 19,500, ஆக 4,51,500.

அவருக்குச் சேர வேண்டியது: 8,48,500.

இந்த 40,000 கமிஷன் கணக்கின் பற்றுப் பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டு கமிஷனும் சேர்ந்து 45,500 வரவு, அதில் வாராக்கடன் 40,000 பற்று, மிச்சம் 5,500 மட்டுமே லாப நட்டக் கணக்குக்குப் போகும். இதைப் பார்க்கும் முதலாளிக்கு நெஞ்சு அடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை விழுக்காட்டுக்காக அவர் எதை விற்றார் என்பது இந்த ஒரு கணக்கைப் பார்த்தால்தான் புரியும். வாராக்கடனை வேறு எங்கேயோ 'பொதுச் செலவு' என்று எழுதி மறைத்தால், டெல் கிரெடெர் தொழில் தனக்குக் கட்டுபடியாகிறதா என்பதே அவருக்கு ஒருநாளும் தெரியாது. பொறுப்புக்கு எல்லை அந்த 19,500 ரூபாய்தான் என்றும் எண்ண வேண்டாம். இரண்டாம் கடைக்காரர் ஒரு பைசா கூடக் கட்டாமல் போயிருந்தால் 2,60,000 முழுவதையும் மண்டிதான் தாங்கியிருக்க வேண்டும்.

பூஞ்சை பிடித்த மூட்டைகளின் 30,000 வேறு கதை. அதற்குத் தனியாக வருகிறேன்.

கொலுசுப் பட்டறை

இந்த விவாதம் எனக்கு மிகவும் தேவையானது. நாங்கள் சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்து, வெளிமாநிலத்தில் ஒரு முகவர் வழியாக விற்கிறோம். அவரும் டெல் கிரெடெர் கமிஷன் எடுக்கிறார். போன தீபாவளிக்கு அனுப்பியதில் ஒரு பொட்டலத்தில் 640 கிராம் குறைவதாகச் சொன்னார். கடையிலேயே காணாமல் போயிருக்கலாம் என்றார். பொறுப்புக் கமிஷன் வாங்குகிறவர் என்பதால் அந்த வெள்ளியின் விலையை அவர் கமிஷன் கணக்கிலிருந்தே நாங்கள் கழித்துக்கொள்ளலாம் அல்லவா? பழைய பேரேடு ஐயா சொன்னபடி பார்த்தால் அப்படித்தானே வருகிறது?

பழைய பேரேடு

இல்லை ஐயா, அப்படி வராது. நான் சொன்னது, விற்ற சரக்குக்கு வாங்கியவர் பணம் தராமல் போவதைப் பற்றி மட்டும். உங்கள் வெள்ளி விற்கப்படவே இல்லை. வாங்கியவர் என்று ஒருவர் இல்லாத இடத்தில் டெல் கிரெடெர் பொறுப்புக்கு வேலையே இல்லை. முகவர் கவனக்குறைவாக வைத்திருந்து தொலைத்தார் என்று நீங்கள் காட்ட முடிந்தால், அவர் ஈடு கட்ட வேண்டும். ஆனால் அது எல்லா முகவருக்கும் உள்ள கடமையிலிருந்து வருவது. ஒன்றரை விழுக்காடு வாங்காத முகவருக்கும் அது பொருந்தும். ஆகவே கமிஷனில் கழிக்காமல், தனியாக ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். அனுப்பிய அன்று எடை போட்ட சீட்டும், அவர் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட எடையும் உங்களிடம் இருக்கின்றனவா என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

ஏற்காடு மிளகுத் தோட்டம்

நான் அந்தத் தோட்டக்காரர் அல்லேன். ஆனால் அதே மலையில், அதே சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றி மிளகு எடுப்பவன். இதே போன்ற ஏற்பாட்டில் சேலத்துக்கு அனுப்புபவன். தோட்டக்காரர் பக்கம் நின்று இரண்டு சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, 30,000 ரூபாயும் மண்டியின் நட்டமே. நான் ஒன்றரை விழுக்காடு கூடுதலாகக் கொடுப்பது, 'சேலத்தில் யார் எப்படி ஏமாற்றினாலும் என் பணம் என் கைக்கு வந்துவிட வேண்டும்' என்பதற்காகத்தான். ஓடிப் போனவனும் பணம் தரவில்லை, பூஞ்சை என்று சொன்னவனும் பணம் தரவில்லை. எனக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இரண்டு, ரொக்கத்துக்கு விற்ற 5,20,000 ரூபாய்க்கும் டெல் கிரெடெர் கமிஷன் எடுத்திருக்கிறீர்கள். ரொக்கத்தில் என்ன ஆபத்து? கடன் விற்பனை 7,80,000-க்கு மட்டும் ஒன்றரை விழுக்காடு என்றால் 11,700 தான் வரும். 7,800 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது.

பழைய பேரேடு

இரண்டாவதை முதலில் முடிக்கிறேன். வேறாகப் பேசியிருந்தாலன்றி டெல் கிரெடெர் கமிஷனை மொத்த விற்பனைக்கும் கணக்கிடுவதே வழக்கம். உங்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் அதைச் சரக்கு அனுப்பும் முன்பே கடிதத்தில் எழுத வைத்திருக்க வேண்டும். தம்பியின் முதலாளி எழுதிய வரியில் 'கடனுக்கு விற்றால் பணத்துக்கு நான் பொறுப்பு, அதற்காக ஒன்றரை' என்று இருப்பதால், அந்த 'அதற்காக' என்ற சொல் கடன் விற்பனையை மட்டும் குறிக்கிறது என்று தோட்டக்காரர் வாதிடலாம். நான் நடுவராக இருந்தால் சற்றுத் தயங்குவேன். முந்தைய ஆண்டுப் பட்டியல்களில் எதன் மேல் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள், தோட்டக்காரர் மறுக்காமல் ஏற்றாரா என்பதைத்தான் பார்ப்பேன்.

பூஞ்சைக்கு வருகிறேன். டெல் கிரெடெர் முகவர் உறுதி கொடுப்பது, வாங்கியவர் கொடுக்க வேண்டிய தொகையைக் கொடுப்பார் என்பதற்கு. வாங்கியவர் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதிலேயே சண்டை வந்தால், அந்தச் சண்டை தோட்டக்காரருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ளது. 1914-இல் தாமஸ் கேப்ரியல் எதிர் சர்ச்சில் அண்ட் சிம் என்ற வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு மன்றம் இதைத்தான் தீர்த்தது: வாங்கியவர் பணம் கட்டும் நிலையில் இருந்தும், ஒப்பந்தம் சரியாக நிறைவேறவில்லை என்று தகராறு செய்து கட்ட மறுத்தால், அதற்கு டெல் கிரெடெர் முகவர் பொறுப்பல்லர். ஓடிப் போனவர் 40,000 கடன்பட்டிருக்கிறார், கட்டவில்லை. மூன்றாம் கடைக்காரரோ அந்த 30,000 ரூபாயைத் தாம் கடன்படவே இல்லை என்கிறார். அவர் சொல்வது உண்மை என்றால், விற்பனை விலையே 1,65,000 தான்.

ஆனால் ஏற்காட்டு நண்பரின் கோபத்தில் பொருள் இருக்கிறது. பூஞ்சை எங்கே பிடித்தது என்பது தெரியாமல் இதைத் தோட்டக்காரர் தலையில் எழுதக் கூடாது. மூட்டை தோட்டத்திலிருந்தே ஈரமாக வந்ததா, இல்லை மண்டிக் கிடங்கில் சுவரோரம் அடுக்கி ஈரம் ஏறியதா? முதலாவது என்றால் தோட்டக்காரர் பொறுப்பு. இரண்டாவது என்றால் மண்டியின் கவனக்குறைவு, அப்போது 30,000 மண்டியின் நட்டம். அதுவும் டெல் கிரெடெர் பொறுப்பினால் அன்று. மூன்றாவதாக, கடைக்காரர் விலை இறங்கியதைப் பார்த்துச் சாக்குச் சொல்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். தம்பி, மூட்டை இறக்கிய அன்று ஈரப்பதம் பார்த்தீர்களா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

ஐயா, மிகவும் நன்றி. நேற்று மாலை இறக்குச் சிட்டையைத் தேடி எடுத்தேன். வரும் மூட்டைகளைக் கையூசியால் குத்தி மாதிரி எடுத்து, மீட்டரில் ஈரம் பார்த்து எழுதுவது எங்கள் வழக்கம். 38 மூட்டைகள் 11-க்குப் பக்கத்தில் இருக்கின்றன. 17, 18-ஆம் எண் மூட்டைகளுக்கு மட்டும் 14 என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. எழுதியவர் எங்கள் இறக்குக் கூலியாள்; அவரைக் கேட்டேன். மூட்டைக்குள் கையை விட்டபோது மிளகு சலசலவென்று உதிராமல் விரலில் ஒட்டியதாகவும், அடியிலிருந்து எடுத்த மணிகளில் சாம்பல் பூத்தது போல் வெள்ளை படர்ந்திருந்ததாகவும், முகர்ந்தால் பழைய சாக்கு வாசம் அடித்ததாகவும் சொன்னார். மூன்றாம் கடைக்குப் போனதும் அதே இரண்டு எண்கள்தாம் என்பது விற்பனைச் சீட்டில் இருக்கிறது.

ஆனால் அன்று அதை யாரும் தோட்டக்காரருக்குத் தெரிவிக்கவில்லை. மற்ற மூட்டைகளோடு சேர்த்தே ஒரே விலைக்கு விற்றுவிட்டார்கள்.

ஏற்காடு மிளகுத் தோட்டம்

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அன்றே ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், அந்த இரண்டு மூட்டைகளையும் திருப்பி வாங்கி, களத்தில் இரண்டு நாள் வெயில் காட்டி மறுபடி அனுப்பியிருப்பேன். 14 என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டால் எப்படி? சரக்கு ஈரமாக வந்தது தோட்டத்தின் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 30,000 ரூபாய் நட்டமாக வளர்ந்தது மண்டியின் மௌனத்தால்.

பழைய பேரேடு

மறுக்க மாட்டேன். முகவர் சிரமமான நிலை வரும்போது உரிய முயற்சி எடுத்து உடைமையாளருக்குத் தெரிவித்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே உள்ள கடமை. ஆகவே இந்த 30,000 இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய தொகை. அதுவரை பேரேட்டில் அதை எழுதும் முறை ஒன்றுதான்: மூன்றாம் கடையின் கணக்கில் 30,000 பாக்கியாகவே நிற்கட்டும். தோட்டக்காரர் கணக்கில் பற்று எழுத வேண்டாம், வாராக்கடனுக்கும் மாற்ற வேண்டாம். கணக்கின் ஓரத்தில் 'தரத் தகராறு, 17, 18 எண் மூட்டை' என்று குறித்து வையுங்கள். தீர்ந்தபின், தோட்டக்காரர் ஏற்கும் பங்கை மட்டும் அவர் கணக்கில் பற்றும், கடைக்காரர் கணக்கில் வரவும் எழுதுங்கள்.

வணிகவியல் ஆசிரியை

நான் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். பழைய பேரேடு ஐயாவின் பதிவுகள் நாங்கள் வகுப்பில் எழுதுபவையே. ஆனாலும் எனக்குள் நெடுநாளாக உள்ள ஓர் ஐயத்தை வைக்கிறேன்.

சட்டப்படி டெல் கிரெடெர் முகவரின் பொறுப்பு இரண்டாம் நிலைப் பொறுப்பு. முதலில் கட்ட வேண்டியவர் வாங்கியவர். அவர் தவறினால்தான் முகவர். விற்ற அன்றே கடைக்காரரைப் பற்றும் தோட்டக்காரரை வரவும் எழுதிவிட்டால், அன்றிலிருந்தே மண்டி தோட்டக்காரருக்கு 8,48,500 ரூபாய் கடன்பட்டது போல ஆகிவிடுகிறது. மார்ச் 31-ஆம் தேதி ஐந்தொகை எடுத்தால் அந்தத் தொகை அப்படியே பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். ஆனால் கடனுக்கு விற்ற தொகைக்கு மே 9-ஆம் தேதி வரை தவணை இருக்கிறது. மார்ச் 31 அன்று தோட்டக்காரர் வந்து கேட்டால் ரொக்க விற்பனையான 5,20,000-இல் 4,51,500 போக 68,500 மட்டுமே கேட்க முடியும். அப்படியிருக்க மீதி 7,80,000-ஐ முகவரின் கடனாகக் காட்டுவது சரியா? கடைகள் தவறும்வரை நினைவுக் கணக்காக வைத்துக்கொண்டு, தவறும்போது மட்டும் பேரேட்டில் ஏற்றினால் என்ன?

இன்னொன்று. டெல் கிரெடெர் கமிஷன் 19,500 ரூபாயை மார்ச் மாத வருமானமாக முழுவதும் எடுத்துவிடுகிறோம். ஆனால் அது ஈடு கட்டும் ஆபத்து மே மாதம் வரை நீள்கிறது. நட்டம் அடுத்த நிதியாண்டில் விழுகிறது. கமிஷன் ஓர் ஆண்டிலும் அதன் வாராக்கடன் மறு ஆண்டிலும் போனால், ஐயா சொன்ன அந்த 5,500 என்ற உண்மை எந்த ஆண்டுக் கணக்கிலும் தென்படாதே.

பழைய பேரேடு

அம்மா, நல்ல கேள்வி. முதலாவதில் நீங்கள் சொல்லும் சட்ட நிலை சரி. ஆனால் நினைவுக் கணக்காக வைத்தால் மண்டியில் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கட்டும் பணம் ரொக்கப் புத்தகத்தில் வரும், பாக்கி எங்கும் இருக்காது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முதலாளியின் சட்டைப் பையில் உள்ள துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டு தொலைந்தால் 40,000 ரூபாய் யாருடைய நட்டம் என்ற கேள்வி கூட எழாது. ஆகவே பேரேட்டில் எழுதியே ஆக வேண்டும் என்பது என் முடிவு. தோட்டக்காரர் கணக்கில் மட்டும் தொகைக்குப் பக்கத்தில் தவணைத் தேதிக்கு ஒரு கட்டம் போடச் சொல்வேன். மார்ச் 31 அன்று 'உடனே தர வேண்டியது 68,500, மே 9 தவணை 7,80,000' என்று பிரித்துக் காட்டினால் நீங்கள் சொன்ன குறை பெருமளவு நீங்கும். கடைகளின் பாக்கியையும் தோட்டக்காரரின் பாக்கியையும் ஒன்றோடொன்று கழித்துவிட்டு ஐந்தொகையில் மறைக்கவும் கூடாது. இரண்டும் வெவ்வேறு மனிதர்களின் கணக்கு.

இரண்டாவதில், இந்தக் கணக்குக்கு வழி இருக்கிறது. தம்பியின் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை என்று நினைக்கிறேன். மார்ச் 31-க்குப் பின், கணக்கு ஒப்புதல் ஆவதற்கு முன் ஒரு கடனாளி திவாலானால், அன்றைய பாக்கியின் உண்மை நிலையை அது காட்டுகிறது என்று கொண்டு அந்த ஆண்டிலேயே சரிக்கட்டலாம் என்று கணக்கியல் தரநிலை 4 இதே எடுத்துக்காட்டைச் சொல்கிறது. ஆகவே 40,000 ரூபாய்க்கு மார்ச் 31 அன்றே ஒதுக்கீடு செய்துவிடலாம். அப்போது 5,500 ஒரே ஆண்டில் தெரியும். புத்தகம் மூடியபின் கடை மூடியிருந்தால் நீங்கள் சொன்ன சிக்கல் அப்படியே நிற்கும். கமிஷனில் ஒரு பகுதியைத் தள்ளி வைக்க வேண்டுமா என்பதில் எனக்கே முழுத் தெளிவு வரவில்லை.

வணிகவியல் ஆசிரியை

தவணைத் தேதிக் கட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பேரேட்டில் வரவு வைத்துவிட்டு 'இது இப்போது கேட்கக் கூடாத வரவு' என்று ஓரத்தில் எழுதுவது, பதிவின் குறையை ஒப்புக்கொள்வதே என்ற என் எண்ணம் மாறவில்லை.

அம்மாபேட்டை வரிக்கணக்கு

கொள்முதல் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வரிக் கணக்கைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

பழைய பேரேடு

உண்மை, அதை விட்டுவிட்டேன். மண்டியே தன் பெயரில் விற்பனைப் பட்டியல் போட்டால், பொருள்கள் சேவை வரியில் அது மண்டி செய்த வழங்கலாகவே பார்க்கப்படும். உடைமையாளர்களுக்காக விற்றதும் மொத்த விற்றுமுதலில் சேரும். அதில் நீங்கள் சொன்னது சரி. யார் பெயரில் பட்டியல் என்பதுதான் அங்கே உரைகல். டெல் கிரெடெர் முகவரைப் பற்றியே 2018 நவம்பர் 5 அன்று 73/47/2018 என்ற சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆனால் வருமான வரித் தணிக்கை வரம்புக்கு எது விற்றுமுதல் என்பதில், உடைமையாளருக்காகவே விற்கும் கச்சா ஆடத்தியாருக்குக் கமிஷன் மட்டும், தானே வாங்கி விற்கும் பக்கா ஆடத்தியாருக்கு விற்பனை முழுவதும் என்று 1986 மார்ச் 17-இல் 452-ஆம் சுற்றறிக்கை பிரித்தது. ஆகவே ஒரே மண்டிக்கு இரண்டு தொகை இருப்பது குற்றமல்ல. அந்த இரண்டுக்கும் ஓர் ஒப்பீட்டுத் தாள் எழுதிக் கோப்பில் வைத்திருந்தால் போதும். பணத்துக்குப் பொறுப்பேற்றதால் மட்டும் ஒருவர் பக்கா ஆடத்தியார் ஆகிவிடுவதில்லை. விலை லாப நட்டம் தோட்டக்காரருடையதாகவே இருக்கிறதா, யாருக்கு என்ன விலைக்கு விற்றது என்று அவருக்கு உண்மையாகக் கணக்குக் காட்டப்படுகிறதா என்பதே கேள்வி.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

இன்று காலை முதலாளியோடு அமர்ந்து பேரேட்டைத் திருத்தினேன். தோட்டக்காரர் கணக்கில் நான் எழுதிய 70,000 பற்றையும் எதிர்ப் பதிவு போட்டு நீக்கினேன். 7,78,500 என்று நின்ற அவருடைய பாக்கி 8,48,500 ஆனது. 40,000-ஐக் கமிஷன் கணக்குக்கு மாற்றினேன். 5,500 என்ற எண்ணைப் பார்த்து முதலாளி சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, இரண்டாம் கடைக்காரருக்கு யார் சொன்னாலும் ரொக்கத்துக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாமே என்றார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். அந்தக் கடைக்காரரின் மைத்துனர் வந்து, ஆவணி மாதத்துக்குள் 15,000 ரூபாய் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்தால் தோட்டக்காரருக்குப் பங்கு உண்டா? அடுத்து, பூஞ்சைத் தகராறில் விலை 30,000 குறைந்தால், அந்தத் தொகைக்கு நாங்கள் எடுத்த மூன்றரை விழுக்காடு, 1,050 ரூபாயைத் திருப்ப வேண்டுமா?

பழைய பேரேடு

15,000-இல் தோட்டக்காரருக்குப் பங்கு இல்லை. 8,48,500-ஐ அவருக்கு முழுவதும் கொடுத்தபின் அந்தக் கடன் மண்டியினுடையது. பணம் வரும் நாளில் ரொக்கத்தைப் பற்றும், வாராக்கடன் வசூல் என்ற கணக்கை வரவும் எழுதுங்கள். ஆனால் முழுவதும் கொடுத்தபின் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவருக்கு நிலுவை வைத்துக்கொண்டு வசூலை எடுத்துக்கொள்வது முறையாகாது.

1,050 பற்றி: விலையே குறைந்தது என்று முடிவானால், குறைந்த விலைக்குத்தான் கமிஷன். திருப்ப வேண்டும் என்பது என் கருத்து.

அம்மாபேட்டை வரிக்கணக்கு

இதில் நான் மாறுபடுகிறேன். விற்கும் வேலை முடிந்துவிட்டது, உழைப்பு குறையவில்லை. சரக்கின் குறையால் விலை குறைந்தால் முகவரின் கூலி ஏன் குறைய வேண்டும்? டெல் கிரெடெர் பகுதியான 450 ரூபாயை வேண்டுமானால் திருப்பலாம், அந்தத் தொகைக்கு அவர் பொறுப்பேற்கவில்லை என்று ஆகிவிட்டதால். சாதாரணக் கமிஷன் 600 ரூபாய் அவருடையதே.

ஏற்காடு மிளகுத் தோட்டம்

450-ஆ 1,050-ஆ என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த இரண்டு மூட்டைகளைப் பற்றி அன்றே சொல்லியிருந்தால் இந்தத் தொகையே எழுந்திருக்காது. அடுத்த ஜனவரியில் அறுவடை தொடங்கும் முன் எங்கள் மண்டியோடு பேசி, மூன்று வரிகளைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்: ஒன்றரை விழுக்காடு கடன் விற்பனைக்கு மட்டும், ஈரம் 12-ஐத் தாண்டிய மூட்டையை அன்றே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும், பட்டியலில் ஒவ்வொரு கடையின் தவணைத் தேதியும் இருக்க வேண்டும். நான்காவதாக ஏதேனும் சேர்க்க வேண்டும் என்றால் பழைய பேரேடு ஐயா சொல்லுங்கள்.

பழைய பேரேடு

மூட்டை எண்களைச் சேருங்கள். எந்த எண் மூட்டை எந்தக் கடைக்குப் போனது என்பது பட்டியலில் இருக்கட்டும். இந்த வழக்கில் 17, 18 என்று சிட்டையில் இருந்ததால்தான் நம்மால் இவ்வளவு பேச முடிந்தது.